துறைமுகத்துக்குத் தெற்கே மணல் மேடு, வடக்கே கருங்கல்: புதுச்சேரிக் கரையில் நடப்பது என்ன?

பூங்காபெஞ்சு | ஜூலை 6, இரவு 9:12

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வீராம்பட்டினம் போயிருந்தோம். கோயில் பக்கமிருந்து தண்ணீர் வரைக்கும் நடக்கிறோம் நடக்கிறோம், மணல் முடியவே இல்லை. என் பெண் கால் சுடுகிறது என்று பாதியில் தோளில் ஏறிக்கொண்டாள். அன்று மாலையே வைத்திக்குப்பம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அங்கே வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் குவியல் மட்டும்தான். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம், நடுவில் இருப்பது துறைமுகம்.

இன்னொன்றும் நடந்தது. வீராம்பட்டினத்தில் பெண்ணின் ரப்பர் செருப்பு ஒன்றை அலை கொண்டுபோய்விட்டது. போனது போனதுதான் என்று விட்டுவிட்டோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் வடக்கே ஐம்பது அறுபது அடி தள்ளிக் கரையில் கிடக்கிறது. உள்ளே போனது ஏன் பக்கவாட்டில் போய் ஒதுங்கியது?

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மனைவி சொல்கிறாள். எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நேர்பேச்சு | ஜூலை 6, இரவு 9:40

இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஆறுகளில் எல்லாம் அணை கட்டிவிட்டோம், மிச்சமிருந்த மணலை லாரியில் அள்ளிவிட்டோம். கடலுக்கு மணல் வருவது நின்றுவிட்டது. போதாக்குறைக்குக் கடல் மட்டமும் ஏறுகிறது. கரை கரையத்தானே செய்யும்? துறைமுகத்தைக் குறை சொல்வது சும்மா அரசியல்.

---

கரைக்கோடு | ஜூலை 6, இரவு 11:05

நேர்பேச்சு சொல்வதில் பாதி சரி. அணையும் மணல் அள்ளுவதும் கரைக்கு வரும் மணலைக் குறைப்பது உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் வீராம்பட்டினமும் தேய்ந்திருக்க வேண்டும். கடல் மட்டம் ஏறினால் துறைமுகச் சுவருக்குத் தெற்கே ஒரு மாதிரியும் வடக்கே ஒரு மாதிரியுமா ஏறும்? ஒரே சுவருக்கு ஒரு பக்கம் வளர்கிறது, மறு பக்கம் தேய்கிறது என்றால் முதலில் அந்தச் சுவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

நான் துறைமுக ஆழம் அளக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். செருப்பிலிருந்தே தொடங்குகிறேன், அதைவிட நல்ல உதாரணம் எனக்கும் கிடைக்காது.

நம் கரைக்கு வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து வருகிறது. கரைக்கு நேராக வராமல் சற்றுச் சாய்வாக வரும். உடைந்த அலை மணல் சரிவில் ஏறும்போது அந்தச் சாய்விலேயே, அதாவது கொஞ்சம் வடக்கு நோக்கி ஏறும். இறங்கும்போது சாய்வு கிடையாது, பள்ளம் பார்த்து நேராக இறங்கும். அப்படியானால் ஒரு மணல் துகள் ஒவ்வொரு அலைக்கும் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு போட்டு, ஒரு முழமோ இரண்டு முழமோ வடக்கே நகர்ந்திருக்கும். ஏழெட்டு நொடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று நீங்களே பாருங்கள். உங்கள் பெண்ணின் செருப்பு போனது அந்த வழியில்தான்.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். பெரிய போக்குவரத்து அலை உடையும் பட்டையில் நடக்கிறது. சாய்வாக உடையும் அலைகள் அந்தப் பட்டைக்குள் கரையோடு ஒட்டி ஒரு நீரோட்டத்தையே உண்டாக்கிவிடும். உடையும் அலை தரையைக் கிளறி மணலைத் தூக்கும், நீரோட்டம் தூக்கியதை இழுத்துக்கொண்டு போகும். அலை பெரிதானால் இது ஒன்றுக்கு ஒன்றாகக் கூடாது, பல மடங்கு கூடும். வருடத்தில் சில கொந்தளிப்பான நாட்களில் போகும் மணல் அமைதியான பல வாரங்களில் போவதைவிட அதிகமாக இருக்கும்.

ஆக நம் கடற்கரை ஓர் இடத்தில் கிடக்கும் மணல் அல்ல. தெற்கிலிருந்து வந்து, கொஞ்சம் தங்கி, வடக்கே போய்க்கொண்டே இருக்கும் மணல். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கரை அசையாமல் இருப்பதுபோல் தெரியும்.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது, அதுதான் நீங்கள் நடந்து களைத்த மணல். சுவருக்கு வடக்கே அலை அதே அலைதான், அதே சாய்வுதான், அதே நீரோட்டம்தான். அது வழக்கம்போல் தன் பங்கு மணலை வடக்கே எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் எடுத்த இடத்தில் திரும்ப வைக்கத் தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் வரவில்லை. வடக்கில் கடல் புதிதாகக் கோபம் கொள்ளவில்லை, வரவு நின்ற பிறகும் செலவு நடக்கிறது, அவ்வளவுதான்.

---

சோலைநகர் கரைவலை | ஜூலை 7, காலை 5:50

ஐயா சொன்னது சரிதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். செருப்பு ஐப்பசி கார்த்திகையில் போயிருந்தால் தெற்கேதான் ஒதுங்கியிருக்கும். வாடை எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். நீவாடு என்கிற கடல் நீரோட்டம் மாறும், வலை போகும் பக்கம் மாறும், கரையும் மாறும். நாங்கள் இதைப் பார்த்துத்தான் வலை வளைக்கிறோம்.

வளைக்கிறோம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்கு முன்னாலேயே கரைவலை இழுத்தார்கள். இரண்டு கயிற்றுக்கும் பத்துப் பதினைந்து பேர் நின்று, பின்னால் நடந்து நடந்து இழுக்க வேண்டும், அதற்கு அகலமாக மணல் வேண்டும். கல்லின் மேல் நின்று கரைவலை இழுக்க முடியாது. வலையும் கல்லில் கிழியும். வலையை விற்று வருடம் பலவாயிற்று, பெயரில் மட்டும் வைத்திருக்கிறேன்.

---

நேர்பேச்சு | ஜூலை 7, காலை 8:15

பாருங்கள், அவரே சொல்கிறார். ஒரு பருவத்தில் வடக்கே, ஒரு பருவத்தில் தெற்கே. அப்படியானால் போன மணல் வாடையில் திரும்பி வந்துவிடுமே? கணக்கு நேராகிவிடுமே?

---

கரைக்கோடு | ஜூலை 7, மதியம் 1:20

கரைவலைக்காரர் திருத்தியது சரி. பருவத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

நேர்பேச்சு, நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் சமமல்ல. வடக்கே போகும் காலம் ஏறத்தாழ மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, தெற்கே வரும் காலம் வாடையின் மூன்று நான்கு மாதம். வாடையில் அலை முரடாக இருந்தாலும் மாதங்கள் குறைவு. ஐந்து அடி வடக்கே வைத்து ஓர் அடி தெற்கே வைப்பவன் எங்கே போய் நிற்பான்? தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மொத்தக் கணக்கில் வடக்கேதான் மணல் போகிறது.

அளவு புரிய ஒரு கணக்கு போடுவோம். புதுச்சேரிக்குச் சொல்லும் எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். கணக்குக்காக நிகர ஓட்டம் ஆண்டுக்கு 4 இலட்சம் கன மீட்டர் என்று வையுங்கள். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் பிடித்தால் 40,000 லோடு. தினம் சுமார் 110 லாரி, தீபாவளி பொங்கலுக்கும் லீவு இல்லாமல்.

இதைச் சுவர் முழுவதும் மறித்துவிட்டால் வடக்குக் கரை அதே அளவை வருடா வருடம் தன் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டும். கரை பின்வாங்கும்போது மேலே தெரியும் மணல் மட்டும் போவதில்லை, தண்ணீருக்கு அடியில் அலை தொடும் ஆழம் வரை உள்ள சரிவு முழுவதும் பின்வாங்குகிறது. மேல் விளிம்பிலிருந்து அந்த ஆழம் வரை 8 மீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் கரை ஒரு மீட்டர் பின்வாங்க 8,000 கன மீட்டர் ஆகும். 4 இலட்சத்தை 8,000 ஆல் வகுத்தால் 50. அதாவது 10 கிலோமீட்டர் கரைக்குச் சமமாகப் பிரித்தால் வருடத்துக்கு 5 மீட்டர். நிஜத்தில் சமமாகப் பிரியாது. சுவருக்குப் பக்கத்துக் கிராமங்கள் முதலில் பெரும்பங்கைக் கொடுக்கும், பிறகு அது வடக்கே நகரும்.

---

பூங்காபெஞ்சு | ஜூலை 7, இரவு 8:30

மிக்க நன்றி, செருப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். வடக்கே முழுவதும் மணல் இல்லை என்றால், முகத்துவாரத்தை ஒட்டி வடக்குப் பக்கம் வம்பாகீரப்பாளையத்தில் மணல் இருக்கிறதே? அங்கே மக்கள் உட்காருகிறார்கள், சுண்டல் விற்கிறார்கள். சுவருக்கு மிக அருகில் இருப்பது அதுதானே? முதலில் அதுதானே போயிருக்க வேண்டும்?

---

நீச்சல் மாமா | ஜூலை 7, இரவு 9:02

கடற்கரையில் குளிக்கும்போது காலை வாரி உள்ளே இழுத்துக்கொண்டு போகுமே, அந்த இழுப்பைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? ஆரோவில் பக்கம் அது மோசம். பிள்ளைகளை விடாதீர்கள்.

---

கரைக்கோடு | ஜூலை 7, இரவு 10:45

மாமா, அது வேறு. நீங்கள் சொல்வது கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் ஓடும் குறுகிய ஓட்டம், நாங்கள் பேசுவது கரையோடு ஒட்டிப் போவது. ஆனால் எச்சரிக்கை சரியானதுதான். கல் சுவரையும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் வரிசையான தூண்டில் வளைவையும் ஒட்டிய இடத்தில் கரையோடு வரும் நீர் முட்டித் திரும்பி உள்ளே பாயும். சுவரோரம் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று அங்கே இறங்காதீர்கள்.

பூங்காபெஞ்சு, நீங்கள் கேட்டது பலர் ஏமாறும் இடம். சுவருக்கு அடுத்த கொஞ்ச தூரம் சுவரின் மறைவில் இருக்கிறது. தென்கிழக்கு அலை அங்கே நேரடியாக வராது, சுவரின் முனையைச் சுற்றி வளைந்து பலவீனமாகத்தான் வரும். சில சமயம் அங்கே மணல் தெற்கு நோக்கியே நகரும். இரண்டாவது, வாடையில் வடக்கிலிருந்து தெற்கே வரும் மணல் வடக்குச் சுவரில் முட்டித் தங்குகிறது. மூன்றாவது, முகத்துவாரத்தில் வாரிய மணலைப் பக்கத்திலேயே கொட்டினாலும் அங்கே மேடு தெரியும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மறைவு முடிந்து அலை மறுபடி முழுப் பலத்தோடு கரையைத் தொடும் இடத்தில்தான் அரிப்பு உச்சத்தில் இருக்கும். சுவரடியில் நின்று பார்த்துவிட்டு 'இங்கே மணல் இருக்கிறதே, அரிப்பே இல்லை' என்று அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

ராயபுரத்தான் | ஜூலை 8, காலை 7:30

இந்தக் கதையில் நாங்கள் சீனியர்கள். மெட்ராஸ் துறைமுகச் சுவர் வேலை 1870களில் தொடங்கியது. அதற்கு முன் கோட்டைப் பக்கத்திலும் தெற்கிலும் கடல் சாலைக்கு மிக அருகில் இருந்தது. சுவர் எழ எழத் தெற்கே மணல் சேர்ந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். ஊரே பெருமைப்படும் மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி துறைமுகம் பிடித்து வைத்த மணல்தான்.

அந்த மணல் யாருடையது? எங்களுடையது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நாங்கள் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே நீங்கள் பலூன் சுடுகிறீர்கள்.

துறைமுகமும் தப்பவில்லை. முதலில் அதன் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது. தெற்கில் சேர்ந்த மணல் முனையைச் சுற்றி வாசலுக்குள் நுழையவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அந்த வாசலை அடைத்து வடகிழக்கே திறந்தார்கள். ஆக வெள்ளைக்காரனுக்கு இந்த மணல் விஷயம் நன்றாகவே தெரியும். நூறு வருடம் கழித்து அடுத்த துறைமுகம் கட்டியவர்களுக்குத் தெரியாது என்றால் யார் நம்புவது?

---

கரைக்கோடு | ஜூலை 8, காலை 9:10

தெரியாமல் இல்லை. புதுச்சேரித் திட்டத்திலேயே தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான் கதை.

சுவர் ஒரு தடவை செலவு. கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் தள்ளுவது துறைமுகம் இருக்கும்வரை வருடா வருடம் செலவு, அதற்குக் கல்வெட்டு கிடையாது.

---

குமரி மேற்கு | ஜூலை 8, மாலை 6:20

எங்கள் ஊரில் தூண்டில் வளைவு போட்டுக் கொடுத்தார்கள். போராட்டம் நடத்தித்தான் வாங்கினோம். இரண்டே வருடத்தில் மணல் ஏறிவிட்டது, இப்போது வள்ளங்களை ஏற்றி வைக்க இடம் இருக்கிறது. கல் போட்டால் மணல் போகும் என்று இங்கே எல்லாரும் பேசுகிறீர்கள், எங்களுக்குக் கல்தான் மணலைத் தந்தது. வடக்கே தேய்கிறது என்றால் அங்கேயும் பத்துத் தூண்டில் வளைவு போட்டால் முடிந்தது, இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு?

---

சோலைநகர் கரைவலை | ஜூலை 8, மாலை 6:55

உங்களுக்கு அடுத்த ஊரில் மணல் எப்படி இருக்கிறது?

---

குமரி மேற்கு | ஜூலை 8, இரவு 7:40

அவர்களும் இப்போது தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்கிறார்கள்.

---

கரைக்கோடு | ஜூலை 8, இரவு 10:30

அண்ணன் பொய் சொல்லவில்லை. தூண்டில் வளைவு மணலைப் பிடிக்கும், அதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் அது மணலை உற்பத்தி செய்யாது. வழியில் போகிறதைப் பிடித்து வைக்கும், பிடித்த அளவு அடுத்தவருக்குக் குறையும்.

ஒரு வரிசை வளைவுகளை உயரத்திலிருந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் மணல் வரும் பக்கம் மேடு, மறு பக்கம் குடைவு. இடையில் உள்ள கிண்ணம் நிறையும்வரை பிடிக்கும், நிறைந்த பிறகு மணல் முனையைச் சுற்றி அடுத்த கிண்ணத்துக்குப் போகும். எல்லாம் நிறைந்துவிட்டால் ஓட்டம் ஓரளவு பழையபடி தொடரும். அதற்குள் கடைசி வளைவுக்கு அப்பால் உள்ள ஊர் சில வருடம் பட்டினி கிடந்திருக்கும்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. கட்டும்போதே கிண்ணங்களை வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பிவிட வேண்டும், அப்போது ஓட்டத்தில் போகும் மணலை வளைவு பிடுங்காது. மணல் போகும் பக்கத்து ஓரத்திலிருந்து கட்டத் தொடங்க வேண்டும், முதலாவது நிறைந்த பிறகு அடுத்தது. கடைசிச் சில வளைவுகளைப் படிப்படியாகக் குட்டையாக்க வேண்டும். நடப்பது என்ன? எந்த ஊர் அதிகம் சத்தம் போட்டதோ அங்கே முதலில் கல் இறங்கும், மணல் நிரப்பும் செலவு டெண்டரிலேயே இருக்காது.

பத்து வளைவு போட்டால் போதுமா என்ற கேள்விக்கு: சென்னைக்கு வடக்கே 2000களில் அப்படி ஒரு வரிசை போட்டார்கள், சில இடங்களில் மணலும் சேர்ந்தது. ஆனால் தெற்கே துறைமுகமே வரவை மறித்துவிட்ட கரையில் வளைவு எதைப் பிடிக்கும்? வாடையில் வருவதையும், சுவரைத் தாண்டி வரும் மிச்சத்தையும்தான். குமரி மேற்குக் கரையில் அலை வரும் திசையும் பருவமும் வேறு, எந்தப் பக்கம் பட்டினி என்பதை அங்கேயே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

எல்லைக்கோட்டை | ஜூலை 9, காலை 10:00

கோட்டக்குப்பத்துக்காரன் பேசுகிறேன். புதுச்சேரி தன் கரைக்குக் கல் கொட்டியது. கல் முடிந்த இடத்தில் அரிப்பு எங்களிடம் வந்தது. எங்கள் பக்கம் தமிழ்நாடு. இங்கே கல்லும் வளைவும் போட்டார்கள், அரிப்பு தந்திராயன்குப்பம் தாண்டி பொம்மையார்பாளையம் பக்கம் போனது. கடலுக்கு மாநில எல்லை கிடையாது, ஃபைலுக்கு உண்டு.

என் சித்தி வீட்டுத் தென்னை பதினொன்று இருந்தது. முதலில் வேர் தெரிந்தது, பிறகு ஒரு வருடம் சாய்ந்து நின்றது, அப்புறம் ஒரு நாள் காலையில் இல்லை. மூன்று வருடத்தில் பதினொன்றும் அப்படியே போயின. கல் கொட்ட வந்த ஒப்பந்தக்காரரிடம் சித்தி 'இன்னும் நாலு மரம் தள்ளிக் கொட்டுங்களேன்' என்று கெஞ்சினார். அளவு முடிந்துவிட்டது என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தக் கல் முடிந்த இடத்தில்தான் அந்த வருடம் கடல் அதிகமாகக் குடைந்தது.

---

நேர்பேச்சு | ஜூலை 9, காலை 11:25

சரி, துறைமுகம்தான் முதல் குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறேன். அணை இரண்டாவது. ஆனால் இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் வந்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை போனால் நிற்க இடமில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டதா இல்லையா?

---

கரைக்கோடு | ஜூலை 9, இரவு 9:50

அங்கே நடந்தது இது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் அந்த இடத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுக் கட்டமைப்பு ஒன்றை மூழ்க வைத்தது. கரையிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது, ஆனால் அலையின் பலத்தை அங்கேயே குறைத்துவிடும். பலம் குறைந்த அலை மணலைத் தூக்காது, அதனால் பின்னால் மணல் தங்குகிறது. முகத்துவாரத்தில் வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். இரண்டும் சேர்ந்து கரை திரும்பியது. கருங்கல்லை மட்டும் இத்தனை வருடம் பார்த்த நகரத்துக்கு அது சின்ன விஷயமில்லை, நானும் போய் மணலில் உட்கார்ந்தேன்.

ஆனால் அதுவும் பிடிக்கும் கருவிதான். தெற்கே மறிபட்ட 110 லாரியை அது கொண்டுவரவில்லை. அந்த 110 லாரியைச் சுவர் தாண்டிக் கொண்டுபோய் வைப்பதுதான் உண்மையான பாக்கி.

ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960களில் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே கோல்டு கோஸ்டின் கிர்ரா கடற்கரை தேய்ந்தது. அச்சு அசல் நம் கதை, அங்கேயும் ஓட்டம் வடக்கே, நடுவில் மாநில எல்லை வேறு. 2001இல் தெற்குப் பக்கம் கடலுக்குள் ஒரு பாலம் கட்டி, அதில் பம்புகளை வைத்து, வரும் மணலை நீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே விடத் தொடங்கினார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர், நம் கணக்கில் போட்ட அளவை ஒட்டியதுதான். ஆரம்பத்தில் பழைய பாக்கியையும் சேர்த்து அதிகம் தள்ளிவிட்டதால் கிர்ரா அளவுக்கு மீறி அகலமாகி, அலைச்சறுக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அளவைக் குறைத்தார்கள். இங்கே அப்படி ஒரு புகார் வந்தால் நான் லட்டு கொடுப்பேன்.

விசாகப்பட்டினத்தில் வேறு வழி. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் விழ ஒரு பள்ளம் வைத்து, அதில் சேர்வதை வாரி, வடக்கே ஆர்.கே. கடற்கரைக்கு விடுகிறார்கள். அங்கேயும் அரிப்பு முழுவதும் நின்றுவிடவில்லை, ஆனால் தள்ளாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

---

சோலைநகர் கரைவலை | ஜூலை 10, காலை 6:05

இங்கேயும்தான் வாருகிறார்கள். முகத்துவாரம் தூர்ந்தால் படகு தரை தட்டும். வாடைக்கு முன்னால் வாய் குறுகிவிட்டால் உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கி அடிக்கும், படகு கவிழும். நாங்கள் கத்துவோம், கத்திய பிறகு மணல் வாரும் கப்பல் வரும். வாரிய மணல் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு தடவை கரைக்கு வந்தது, ஒரு தடவை ஆழத்தில் கொட்டியதாகச் சொன்னார்கள்.

---

கரைக்கோடு | ஜூலை 10, மதியம் 2:15

மொத்த இழையிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முகத்துவாரத்தைத் தூர்க்கும் மணலும் வடக்கே காணாமல் போன மணலும் ஒன்றே. தெற்குச் சுவரின் பக்கம் நிறைந்ததும் முனையைச் சுற்றி வந்து வாயில் விழுகிறது. அதை வாரி அலை தொடாத ஆழத்தில் கொட்டினால் அது கரைக்குத் திரும்பாது. வடக்குக் கரையின் ஆழம் குறைந்த பகுதியில் கொட்டினால் அலையே எடுத்துப் பரப்பிக்கொள்ளும். வாரும் செலவு எப்படியும் ஆகிறது, குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் மீதி. சேறு கலந்திருந்தால் அது சிக்கல், ஆற்றுப் பக்கம் வாருவதையும் கடல் பக்கம் வாருவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

---

ராயபுரத்தான் | ஜூலை 10, மதியம் 3:00

வடக்கே தள்ளினால் எங்கே வரைக்கும் போதும்? பாண்டிக்காரன் தன் செயலகத்துக்கு முன்னால் மட்டும் விடுவான். அதற்கு மேலே மூழ்கிய ஆப்பும் இருக்கிறது. எல்லைக்கோட்டை சித்தி வீட்டுக்கு அது போய்ச் சேருமா?

---

கரைக்கோடு | ஜூலை 10, இரவு 8:40

அந்த ஆப்புக்குப் பின்னால் கிண்ணம் நிறைந்த பிறகு மேலே வருவது வடக்கே வழியும் என்பது என் கணிப்பு. கூட வேலை பார்த்த ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இப்போது விடும் அளவுக்கு வழியவே வழியாது, வடக்கே இன்னும் பட்டினிதான் என்பார். இருவரும் பல தடவை டீக்கடையில் சண்டை போட்டிருக்கிறோம். பொம்மையார்பாளையத்தில் நிலையான ஒரு புள்ளியிலிருந்து வருடா வருடம் அளந்தால் யார் சரி என்று தெரியும்.

---

பூங்காபெஞ்சு | ஜூலை 11, காலை 7:45

அளப்பது எப்படி ஐயா? என்னைப்போன்ற ஆள் அளக்க முடியுமா?

---

கரைக்கோடு | ஜூலை 11, காலை 9:30

தாராளமாக. அசையாத ஒன்றைப் பிடியுங்கள், மின்கம்பம், கோயில் படி, எதுவானாலும் சரி. அங்கிருந்து தண்ணீரை நோக்கி நேராக டேப் பிடித்து, ஈரக்கோடு வரை அளந்து எழுதுங்கள். நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் சாய்வான மணலில் அதுவே ஈரக்கோட்டைப் பல மீட்டர் நகர்த்திவிடும். அதனால் ஒரே ஓத நேரத்தில் அளங்கள். முக்கியமானது, ஜூலையை ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும். வாடையில் கரை குறுகும், பிறகு ஏறும், அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் அளந்தால் இன்னும் நல்லது. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள், தெற்கே கோடு கடலுக்குள் போவதும் வடக்கே ஊருக்குள் வருவதும் தெரியும்.

---

பூங்காபெஞ்சு | நவம்பர் 23, மாலை 5:10

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். ஜூலையிலிருந்து மாதம் ஒரு தடவை மூன்று இடத்தில் அளக்கிறேன். வீராம்பட்டினத்தில் ஒரு கம்பம், சோலைநகரில் கரைவலை அண்ணன் காட்டிய படிக்கட்டு, பொம்மையார்பாளையத்தில் எல்லைக்கோட்டையின் சித்தி வீட்டு மதில் மூலை. சோலைநகரில் அளக்க எதுவும் இல்லை, படியிலிருந்து கல், கல்லிலிருந்து தண்ணீர். அந்தப் பத்தியில் ஒவ்வொரு மாதமும் 'கல்' என்றே எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டும் ஏறி இறங்குகின்றன, அடுத்த ஜூலை வரை வாயைத் திறக்கப் போவதில்லை.

இன்று மழை விட்ட நேரத்தில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீராம்பட்டினம் போனேன். அதே செருப்பை, இப்போது அது அவள் காலுக்குப் போதாது, அவளே அலையில் விட்டாள். இருபது நிமிடத்தில் தெற்கே நாற்பத்து மூன்று அடி. கரைவலை அண்ணன் சொன்னபடியே.

---

சோலைநகர் கரைவலை | நவம்பர் 23, இரவு 7:20

மாசி கழித்து இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள். காற்று திரும்பும் வாரத்தில் அது எங்கேயும் போகாமல் அதே இடத்தில் சுற்றும்.